ஆரபியா, தேவகாந்தாரியா? எங்க கவனிக்கணும்?

வணக்கம். நேத்து திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயில்ல நாதஸ்வரம் கேட்டு, ஆரபி ராகம்னு நெனச்சேன். பக்கத்துல இருந்த பெரியவர், "தேவகாந்தாரி தம்பி"ன்னு சிரிச்சார்.

எனக்குத் தெரிஞ்சது ஏழு சுரம்தான். ரெண்டுக்குமே ஏறினா ஸரிமபதஸ, இறங்கினா ஸநிதபமகரிஸ! சுரத்தை எண்ணிப் பிரயோசனமில்ல.

அவரே பாடிக் காட்டினார். ஆரபியில 'பமகரி' வரும்போது காந்தாரம் மத்திமத்தை ஒட்டி லேசா தொட்டுட்டு ஓடிடுது. தேவகாந்தாரியில அதே 'மகரி' அசைஞ்சு அசைஞ்சு, நிதானமா இறங்குது. அப்போ புரிஞ்சுது. வீட்டுக்கு வந்து போன்ல ரெக்கார்டிங்கைப் போட்டா மறுபடி குழப்பம். மெதுவா போனாலே தேவகாந்தாரின்னு காது முடிவு கட்டிடுது.

ஆரபியை ஒருத்தர் விளம்பத்துல வாசிச்சா எந்தப் பிடியை வச்சுக் கண்டுபிடிப்பீங்க? நிஷாதத்துலயும் இதே வித்தியாசம் கேக்குமா? தெரிஞ்சவங்க வாய்ஸ் மெசேஜ்ல ரெண்டையும் பாடி அனுப்பினா புண்ணியமாப் போகும்.