பீடி சுற்றும் பெண்களிடம் இரத்தசோகை ஆய்வு: எத்தனை பேர் தேவை?

அனைவருக்கும் வணக்கம். ஆலங்குளம் பகுதியில், மடியில் முறத்தோடு நாள் முழுதும் பீடி சுற்றும் பெண்களில் ஒரு பிரிவினருக்கு இரும்புச்சத்து மாத்திரையை நாள்தோறும், மற்றொரு பிரிவினருக்கு ஒருநாள் விட்டு ஒருநாளும் கொடுத்து, ஹீமோகுளோபின் அளவை ஒப்பிட இருக்கிறேன்.

முக்கியத்துவ மட்டம் 5%, ஆய்வின் திறன் 80%, திட்டவிலக்கம் 1.5 கிராம் என்று கொண்டால், 1 கிராம் வேறுபாட்டைக் கண்டறியப் பிரிவுக்கு ஏறத்தாழ 36 பேர் போதும். அரை கிராமுக்கோ 142 பேர் வேண்டும். வேறுபாடு பாதியானால் எண்ணிக்கை நான்கு மடங்காகிறது.

முன்னோட்டத்தில் பிரிவுக்குப் பத்துப் பேரிடம் கிடைத்த 1 கிராம் வேறுபாட்டையே எடுத்துக்கொள்ளுமாறு என் வழிகாட்டி சொல்கிறார். ஆனால் அதன் 95% நம்பக இடைவெளி −0.4 முதல் 2.4 வரை விரிவதால், அது தற்செயலாகப் பெருத்த எண்ணாக இருக்குமோ என்று அஞ்சுகிறேன். உடல்நலத்துக்குப் பொருள்படும் மிகக் குறைந்த வேறுபாடான அரை கிராமை வைத்துக் கணக்கிடுவதே சரி என்பது என் எண்ணம், இது சரிதானா?

இப்பகுதிப் பெண்களிடம் அளந்தவர்கள் தங்களுக்குக் கிடைத்த திட்டவிலக்கத்தையும் தெரிவிக்க வேண்டுகிறேன். அது 2 கிராமாக இருந்தால், பிரிவுக்கு 251 பேரைத் தேட வேண்டியிருக்கும்.