ரப்பர் தோப்பில் ரோபோ திரும்பும்போது மட்டும் லைடார் புள்ளிகள் மரத்தை விட்டு விலகுது – நேரமுத்திரை பிரச்சினையா?

குலசேகரம்_தோப்பு:
ரப்பர் வரிசைக்குள் ஓடி, மரங்களின் தடிமன் அளக்கும் சின்ன வண்டி. லைடார் நொடிக்கு 10 சுற்று, யூஎஸ்பி கேமரா 20 ஃப்ரேம், ஐஎம்யூ 200 ஹெர்ட்ஸ். லைடார் புள்ளிகளை, நேரத்தால் பக்கத்தில் இருக்கிற படத்தின் மேல் விழவைத்துப் பார்க்கிறேன். வண்டி நின்றாலும் நேராக ஓடினாலும் புள்ளிகள் தண்டின் மேல் கச்சிதமாக உட்காருது. வரிசை முடிவில் இடப்பக்கம் திரும்பினால் எல்லாம் வலப்புறம் நழுவுது. கேமராவும் லைடாரும் இருக்கிற நிலை அளவை மூன்று தடவை திருப்பி எடுத்தாச்சு, மாற்றமில்லை.

தக்கலை_வயரிங்:
`ApproximateTime` போட்டிருக்கீங்களா? `slop`-ஐ 0.02 ஆக்குங்க, சரியாகும்.

நாஞ்சில்_சென்சார்:
அது முத்திரைகளை ஜோடி சேர்க்கும், அவ்வளவுதான். முத்திரையே தப்பு என்றால் தப்பான ஜோடியைத்தான் இன்னும் இறுக்கமாகக் கட்டும். 'நிலை அளவு' தப்பு என்றால் நிற்கும்போதும் விலகல் தெரியணும். திரும்பும்போது மட்டும் வருது என்பதால் நேரம்தான். வலப்பக்கம் திரும்பினால் இடப்புறம் நழுவுதா? ஒரே மரத்தைப் பார்த்து இரண்டு வேகத்தில் சுற்றி, எத்தனை பிக்சல் என்று எழுதுங்க. கேமராவின் குவியத் தூரமும் பிக்சலில் வேணும்.

குலசேகரம்_தோப்பு:
ஆமா, திசை மாறுது. நொடிக்கு 40 பாகை சுற்றினால் சராசரி 35 பிக்சல், 20 பாகைக்கு 17. குவியத் தூரம் 620 பிக்சல்.

நாஞ்சில்_சென்சார்:
வேகம் பாதியானால் விலகலும் பாதி. அப்போ மாறாத ஒரு கால இடைவெளி. 40 பாகை என்பது 0.70 ரேடியன்:

```
dt = 35 / (620 * 0.70) = 0.081 s
```

இடப்பக்கம் திரும்பும்போது புள்ளிகள் வலப்புறம் போவதால், படம் புள்ளிகளைவிடப் பழசு. 80 மில்லிநொடி எங்கிருந்து வருது? லைடார் கேபிள் எந்தப் பக்கம், `header.stamp` சுற்றின் தொடக்கமா முடிவா?

குலசேகரம்_தோப்பு:
கேபிள் பின்னால், சுற்று அங்கேயே தொடங்குது. முத்திரை தொடக்கம்தான், டிரைவர் கோடில் பார்த்தேன்.

நாஞ்சில்_சென்சார்:
அப்போ பாதிக்கு மேல் கையில் வந்தாச்சு. ஒரு சுற்று 100 மில்லிநொடி. பின்னாலிருந்து கிளம்பிய கதிர் முன்பக்க மரத்தைத் தொட 50 ஆகும், ஆனா அந்தப் புள்ளிக்கும் நீங்கள் தொடக்க நேரத்தையே கொடுக்கிறீங்க. புள்ளி ஒவ்வொன்றுக்கும் `t` அல்லது `time` புலம் இருக்கும். அதை எடுத்து, இடையில் எவ்வளவு திரும்பியது என்பதை ஐஎம்யூவின் கைரோவிலிருந்து கூட்டி, புள்ளியைப் படம் எடுத்த நேரத்துக்குத் திருப்பிவிடுங்க. `header.stamp`-க்குத் திருப்பினால் போதாது.

மீதி 30 கேமராவுடையது. பொதுவா யூஎஸ்பி டிரைவர், படம் கம்ப்யூட்டருக்கு வந்து சேர்ந்த நேரத்தைத்தான் முத்திரையாகப் போடும். நமக்கு வேண்டியது ஒளி விழுந்த நேரத்தின் நடு. அந்த மாறாத அளவைக் கழிச்சுப் பாருங்க.

கொளச்சல்_படகு:
எனக்கும் லைடார் உண்டு, படகில். பிடிபி போட்டதும் லைடார் நேரம் சரியாக 37 நொடி தள்ளி நிக்குது, கேமரா சரியாத்தான் இருக்கு. இதுவும் அதே பிரச்சினையா?

நாஞ்சில்_சென்சார்:
இல்ல, அது வேற. 37 நொடி என்றாலே டிஏஐக்கும் யூடிசிக்கும் உள்ள வித்தியாசம், 2017 முதல் அதுதான் கணக்கு. `phc2sys`-க்கு இப்படிக் கொடுத்து, இரண்டு முத்திரைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க:

```
sudo phc2sys -s CLOCK_REALTIME -c eth0 -O 0 -m
```

குலசேகரம்_தோப்பு:
புள்ளி நேரத்தைச் சரிசெய்ததும் 35 போய் 13 பிக்சல். கேமரா முத்திரையில் 30 கழிச்சதும் கிட்டத்தட்ட பூஜ்யம். ஆனா நிழலில் இன்னும் 2, 3 பிக்சல் ஆடுது, வெயில் விழும் இடத்தில் ஆடல.

தக்கலை_வயரிங்:
ஆட்டோ எக்ஸ்போஷர் போட்டிருப்பீங்க!

நாஞ்சில்_சென்சார்:
இந்தத் தடவை தக்கலைக்காரர் சொல்வதுதான் சரி. வெயிலில் 4 மில்லிநொடி, தோப்பு நிழலில் 16 என்று நீண்டால் நடுப்புள்ளி 6 பின்னுக்குப் போகும். 40 பாகை வேகத்தில் அது 2.6 பிக்சல். எக்ஸ்போஷரைப் பூட்டலாம், ஆனா நிழலில் படம் இருட்டாகும். அதனால ஒவ்வொரு ஃப்ரேமின் எக்ஸ்போஷர் மதிப்பையும் வாங்கி, பாதியைக் கழிப்பதே நல்லது. அப்போ முன்னே கழிச்ச 30-ஐ மறுபடி அளக்கணும், அதுக்குள்ளேயும் ஒரு பாதி எக்ஸ்போஷர் ஒளிஞ்சிருக்கு.

குலசேகரம்_தோப்பு:
இந்தக் கேமரா டிரைவர் ஃப்ரேமோடு எக்ஸ்போஷர் மதிப்பு தரல. தனியாகக் கேட்டால் எந்த ஃப்ரேமுடைய மதிப்பு வருது என்று தெரியல.

நாஞ்சில்_சென்சார்:
அப்போ டிரிகர் வயர் உள்ள கேமராதான். அதுவரைக்கும் வரிசை முனையில் நொடிக்கு 20 பாகைக்கு மேல் வேகமாகத் திருப்பாதீங்க, பிழை பாதியாகும்.