ஹெட்போனின் வலப்பக்கம் மட்டும் சீறுகிறது: மைக் துளையில் அடைப்பா, மைக்கே பழுதா?

அனைவருக்கும் வணக்கம். மூன்று ஆண்டுகளாக நான் பயன்படுத்தும் இரைச்சல் நீக்கும் ஹெட்போனில், சென்ற வாரம் முதல் வலப்பக்கம் 'ஸ்ஸ்' என்று சீறுகிறது. பேருந்து எஞ்சினின் உறுமலும் அப்பக்கம் அப்படியே கேட்கிறது. பாட்டை நிறுத்தினாலும் தொடரும் சீறல், இரைச்சல் நீக்கத்தை அணைத்ததும் நின்றுவிடுவதால், ஸ்பீக்கர் மீது எனக்குச் சந்தேகமில்லை; இரைச்சலை நீக்குவதற்காகச் சத்தத்தை வாங்கும் மைக் மீதுதான் சந்தேகம்.

வலப்பக்கக் காது மெத்தையில், மூக்குக்கண்ணாடியின் காம்பு படும் இடத்தில் தோல் உரிந்து பள்ளம் விழுந்திருக்கிறது. ஒரே வடிவிலான இரு மெத்தைகளையும் இடம் மாற்றி மாட்டிப் பார்த்தேன்: உறுமல் இடப்பக்கம் போய்விட்டது, சீறல் மட்டும் வலப்பக்கமே தங்கிவிட்டது. ஆக, இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள்.

டார்ச் ஒளியில் பார்த்தபோது வெளிப்புற மைக் துளையின் வலையில் வியர்வையோடு தூசி அப்பியிருந்தது. துளை கீழ்நோக்கி இருக்குமாறு பிடித்து, உலர்ந்த பல் துலக்கியால் மெல்லத் துடைத்ததில் சீறல் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. வலை கிழியும் என்று அஞ்சி ஊசியைத் தொடவில்லை.

எஞ்சிய அழுக்கை எடுக்க களிமண் போல் பிசையக்கூடிய ஒட்டும் பசையை ஒற்றி எடுக்கலாமா, மைக்கையே மாற்ற வேண்டுமா? வெளிச்சந்தை மெத்தை சற்றுத் தடிமனாக இருந்தால், காதுக்கும் உள் மைக்குக்கும் உள்ள இடைவெளி மாறி இரைச்சல் நீக்கம் கெடுமா? மாற்றிப் பார்த்தவர்கள் கூறினால் நன்றியுடையேன்.