பழைய டிவி போய்விட்டது, புதியதில் விரிசல்

மூன்றாம் மாடி: போன மாதம் ஆன்லைனில் 55 அங்குல டிவி வாங்கினேன். எக்ஸ்சேஞ்ச் போட்டிருந்ததால், கொண்டு வந்தவர் பழைய டிவியை ஆன் செய்து பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார். புதிய பெட்டியை மட்டும் பிரிக்கக் கூடாதாம், மாட்ட வருகிறவர்தான் பிரிப்பாராம். அவர் வந்தது மூன்றாம் நாள். ஆன் செய்ததும் இடது மூலையில் சிலந்தி வலை போல விரிசல், பக்கத்தில் கறுப்புத் திட்டு. திரையைத் தடவிப் பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. மாற்று டிவி வர 11 நாள் ஆனது. நடக்க முடியாத அப்பாவுக்கு டிவிதான் துணை. அத்தனை நாளும் வீட்டில் டிவியே இல்லை.

மழைக்குருவி: இதற்குத்தான் கடையில் வாங்கச் சொல்வது. கண்ணால் பார்த்த டிவியே வீட்டுக்கு வரும்.

பழைய ரேடியோ: அது வராதுங்க. நீங்கள் பார்ப்பது காட்சிக்கு வைத்தது, வருவது கிடங்கிலிருந்து சீல் வைத்த பெட்டி. ஒன்பது வருடம் டிவி மாட்டியிருக்கிறேன். நான் பார்த்த உடைவுகளில் பெரும்பாலானவை வழியில் நேர்ந்தவை. பெட்டியைப் படுக்க வைத்து ஏற்றினால் பேனல் நடுவில் வளைந்து அதிரும், நிமிர்த்தி வைத்தால் தாங்கும். அதனால் வண்டிக் கதவு திறக்கும்போதே பெட்டி எப்படி இருக்கிறது என்று படம் எடுங்கள். அப்புறம் மூலை நசுங்கியிருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆனால் பெட்டி நன்றாக இருந்தும் பேனல் போயிருக்கலாம். கரண்ட் கொடுத்தால்தான் தெரியும். சுவரில் மாட்ட வேண்டியதில்லை. பல பெரிய டிவிகளில் மேல் அட்டையை மட்டும் தூக்கி எடுக்கலாம். அடித் தெர்மாகோலில் நின்றபடியே வயரைச் செருகுங்கள். படம் வந்த பிறகு ஓடிபி, பழைய டிவி கடைசியில். ஆள் காத்திருக்க வேண்டுமானால் ஆர்டர் போடும்போதே ‘ஓபன் பாக்ஸ்’ டெலிவரி இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாம் மாடி: திறந்தால் வாரண்டி போய்விடும் என்றாரே?

பழைய ரேடியோ: உடைந்த பேனலுக்குப் பொதுவாக வாரண்டியே கிடையாது. நீங்களே திறந்தால் ‘நீங்கள்தான் உடைத்தீர்கள்’ என்று சொல்ல அவர்களுக்கு இடம் கிடைக்கும், அதுதான் சிக்கல். பெட்டியில் உள்ள சீரியல் எண்ணில் தொடங்கி, நிறுத்தாமல் வீடியோ எடுங்கள்.

மல்லிகை: என் டிவியிலும் கோடு இருக்கிறது, வாங்கி நான்கு வருடம். மாற்றித் தருவார்களா?

பழைய ரேடியோ: அம்மா, உங்களுடையது எக்ஸ்சேஞ்சுக்குத்தான் போகும். கோடு இருப்பதை மறைக்காமல் குறியுங்கள். தொகை குறையும். மறைத்தால் வாசலில் வைத்து மறுப்பார்கள், மீதிப் பணத்தை அங்கேயே கேட்பார்கள்.

மழைக்குருவி: எங்கள் கடை ஆள் மாட்டிக் காட்டிவிட்டுத்தான் பழையதை எடுத்தார்.

பழைய ரேடியோ: கடையில் வாங்குவதில் உண்மையான லாபம் அதுதான். பில் போடும் முன்பே அதைக் கேட்டு எழுதி வாங்கிவிட வேண்டும்.

மூன்றாம் மாடி: மாற்றி வந்ததிலும் கீழ் ஓரத்தில் வெளிச்சம் கசிகிறது. திருப்பிக் கொடுத்தால் பழைய டிவிக்கான தொகையும் சேர்ந்து வருமா என்று கேட்டிருக்கிறேன். நான்கு நாளாகப் பதில் இல்லை.