9,600 ஸ்டெப் நடந்தா எத்தனை கிலோமீட்டர்?

டவுன் கடைக்காரன்: நேத்து போன் 9,600 ஸ்டெப், 6.6 கிலோமீட்டர்னு காட்டுச்சு. காலைல ரதவீதியச் சுத்துனதுல 4,000 போயிருக்கும். மிச்சம் பூராவும் மளிகைக்கடைக்குள்ளதான். அவ்வளவு தூரமா நடந்திருக்கேன்?

பி.டி. வாத்தியார் (ஓய்வு): அண்ணாச்சி, உங்க உயரம் 165 செ.மீ.னு போட்டிருப்பீய. அதை 0.415-ஆல பெருக்கி ஒரு ஸ்டெப்புக்கு 68.5 செ.மீ.னு அது எடுத்துக்கிட்டிருக்கும். அது சராசரி ஆளோட கணக்கு, உங்க காலோடது இல்ல. நெடுஞ்சாலையில கிலோமீட்டர் கல்லுக்கு நடுவுல 200 மீட்டருக்கு ஒரு சின்னக் கல் நிக்கும். வழக்கமான வேகத்துல ஒரு கல்லுல இருந்து அடுத்த கல்லு வரைக்கும் எண்ணிக்கிட்டே நடங்க.

பேட்டை மாப்ளே: வலது கால் வச்ச இடத்துல இருந்து மறுபடி வலது கால் வைக்கிற இடம் வரைக்கும்தான் ஸ்ட்ரைடு. நான் 125 செ.மீ. போட்டிருக்கேன், தினமும் 12 கிலோமீட்டர் வருது!

பி.டி. வாத்தியார் (ஓய்வு): அளந்தது சரிதான் மாப்ளே. ஆனா போன் ரெண்டு காலையும் தனித்தனியால்லா எண்ணுது? பாதியாக்கும். 6 கிலோமீட்டர்தான் வே.

டவுன் கடைக்காரன்: எண்ணிப் பாத்துட்டேன். 200 மீட்டருக்கு 320 ஸ்டெப். அப்போ 62.5 செ.மீ. 9,600-க்கு சரியா 6 கிலோமீட்டர்.

பி.டி. வாத்தியார் (ஓய்வு): அது ரோட்டுல வீசி நடக்கிற கணக்கு. கடைக்குள்ள அப்படியா நடப்பீய?

டவுன் கடைக்காரன்: இல்லதான். தரையில 60 செ.மீ. டைல்ஸ் போட்டிருக்கேன். தராசுல இருந்து பருப்பு டின் வரைக்கும் மூணு டைல்ஸ், நாலு ஸ்டெப். 45 செ.மீ.தான் வருது. ரோட்டுல 2.5, கடையில 5,600 ஸ்டெப்புக்கு 2.52. மொத்தம் 5 கிலோமீட்டர்தான் தேறுது. போன்காரன் ஒன்றரை கிலோமீட்டர் சும்மா குடுத்திருக்கான்!

ஆச்சி பேத்தி: ஆனித் தேரோட்டம் அன்னைக்கு என் வாட்ச்ல ஸ்டெப் எகிறிட்டு. கூட்டத்துல நகரவே முடியல, தேர் பின்னாடி ஊர்ந்துக்கிட்டே இருந்தோம். தூரம் மட்டும் எக்கச்சக்கமா காட்டுச்சு. அதுக்கு எவ்வளவு கலோரி குறைஞ்சிருக்கும்?

பி.டி. வாத்தியார் (ஓய்வு): கலோரி கிடக்கட்டும்மா. கூட்டத்துல எட்டு சுருங்கிரும், ஆப் அதே நீளத்தைத்தான் போடும். அதோட வாட்ச் கையசைவை வச்சு எண்ணுறது. வடம் பிடிச்சா, கைதட்டுனா அதையும் ஸ்டெப்னு சேத்துக்கும். நீளத்தைத் திருத்தலாம், எண்ணிக்கையில விழுற பிசகை இந்தப் பெருக்கல் சரிபண்ணாது. ஒரு சென்டிமீட்டர் பிசகினாலே 9,600 ஸ்டெப்புக்கு 96 மீட்டர் மாறிப்போகும்.

டவுன் கடைக்காரன்: அப்போ ஆப்ல எந்த நீளத்தைப் போடட்டும்? ஒரு கட்டம்தான் இருக்கு. 62.5-ஆ, 45-ஆ?

பி.டி. வாத்தியார் (ஓய்வு): 5.02 கிலோமீட்டரை 9,600-ஆல வகுத்தா 52 செ.மீ. சொச்சம். நேத்தைக்கு அது பொருந்தும். ஞாயித்துக்கிழமை கடை லீவுல பொருந்தாது.

பேட்டை மாப்ளே: பாபநாசம் மலையேறுனா?

பி.டி. வாத்தியார் (ஓய்வு): ஏறும்போது எட்டு குறுகும். எவ்வளவுனு நான் சொல்லுததை விட, அங்க போயே எண்ணிட்டு வாரும்.