நைஸ் 5 கொடுத்தும் பாதிக்குப் பாதி: ஷெட்யூலர் மரத்தோடு உங்கள் அனுபவங்கள்

ஓமலூர்_லேப்

சேலம் பக்கம் ஒரு காலேஜில் ஆபரேட்டிங் சிஸ்டம் லேப் பார்த்துக்கிறேன். மெஷின்களில் லினக்ஸ் 5.15 கர்னல், அதாவது சிஎஃப்எஸ் ஷெட்யூலர். ஒரே சிபியுவில் இரண்டு லூப்பை ஓட்டி, ஒன்றுக்கு மட்டும் நைஸ் 5 கொடுக்கச் சொல்வேன்.

```
taskset -c 0 sh -c 'while :; do :; done' &
taskset -c 0 nice -n 5 sh -c 'while :; do :; done' &
top
```

`top`-இல் 75க்கு 25 மாதிரி வரும். நைஸ் 0-க்கு எடை 1024, நைஸ் 5-க்கு 335. முதல் லூப் 4 மில்லிசெகண்ட் ஓடினால் அதன் `vruntime`, அதாவது எடைக்கேற்பக் கணக்கிடும் ஓடிய நேரம், 4 கூடும். இரண்டாவது அதே 4 ஓடினால் 4 × 1024 / 335, கிட்டத்தட்ட 12.2 கூடிவிடும். ஓடத் தயாரான டாஸ்க்குகளை ஷெட்யூலர் இந்த `vruntime` வரிசையில் ஒரு ரெட்-பிளாக் மரத்தில் வைத்திருக்கும்; யாருக்கு அது குறைவோ அவர் இடது ஓரத்தில், அவருக்குத்தான் அடுத்த முறை. அதனால் இரண்டாவது ஒரு தடவை ஓடினால், முதலாவது மூணு தடவை ஓடின பிறகுதான் அதுக்கு மறுபடி வாய்ப்பு.

போன வாரம் ஒரு பையன் இரண்டு டெர்மினல் திறந்து, ஆளுக்கொரு லூப்பாக அடித்தான். சரியாக 50, 50! நைஸ் வேலையே செய்யவில்லை. யாருக்காவது இப்படி ஆகியிருக்கா?

ஐந்துரோடு_கடை

நம்ம கடை பில்லிங் கம்ப்யூட்டரும் இப்படித்தாங்க. பிரிண்ட் கொடுத்தா எல்லாம் நின்னுடுது. டாஸ்க் மேனேஜர்ல பிரையாரிட்டி மாத்தியும் பார்த்தாச்சு. இந்த மரத்தை விண்டோஸ்ல எங்க ஆன் பண்றது?

அம்மாபேட்டை_கர்னல்

கடைக்காரரே, விண்டோஸில் இந்த மரம் கிடையாதுங்க. அங்கே 32 பிரையாரிட்டி மட்டங்கள், மட்டத்துக்கு ஒரு வரிசை. உங்க பிரச்சினை பெரும்பாலும் டிஸ்க்கோ பிரிண்டர் டிரைவரோதான். தனியாகக் கேளுங்க, பார்க்கலாம்.

ஓமலூர் சார், அது ஆட்டோகுரூப். `/proc/sys/kernel/sched_autogroup_enabled` பாருங்க, 1 என்று இருக்கும். ஒவ்வொரு டெர்மினல் செஷனும் ஒரு குழு. சிபியுவின் மரத்தில் நிற்பது அந்தக் குழுக்கள்தான். லூப்கள் அவரவர் குழுவுக்குள் இருக்கும் குட்டி மரத்தில். நைஸ் அந்தக் குட்டி மரத்துக்குள்தான் எடுபடும், அங்கேயோ போட்டிக்கு ஆளே இல்லை. வெளியே இரண்டு குழுவுக்கும் சம எடை, அதனால் 50, 50. 0 ஆக்கிவிட்டு புதுசாக ஓட்டிப் பாருங்க.

ஒண்டிக்கடை_எஸ்டேட்

ஏற்காட்டில் காபி எஸ்டேட்டில் ஒரு சின்ன லினக்ஸ் பெட்டி வைத்திருக்கிறேன். கேமரா வீடியோவை அமுக்குவது ஒரு டாஸ்க், மழைமானியைப் படிப்பது இன்னொன்று. மழைமானி டாஸ்க் முக்கால்வாசி நேரம் தூங்கும். தூங்குகிற வரைக்கும் மரத்தின் இடது ஓரத்திலேயே இருக்கும், எழுந்ததும் சேர்த்து வைத்த நேரம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் அது தாமதமே இல்லாமல் ஓடுகிறது என்பது என் அனுபவம்.

அம்மாபேட்டை_கர்னல்

தாமதம் இல்லாமல் ஓடுவது சரி. காரணம் பாதிதான் சரி. தூங்கும் டாஸ்க் மரத்திலேயே இருக்காது. ஓடத் தயாராக இருப்பவர்களுக்கு மட்டும்தான் அங்கே இடம். ஓடிக்கொண்டிருப்பவரைக்கூட எடுத்து வெளியேதான் வைத்திருக்கும், அவருடைய `vruntime` நொடிக்கு நொடி மாறுவதால். நீங்கள் சொல்கிறபடி பழைய கணக்கை அப்படியே விட்டால், ராத்திரி முழுக்கத் தூங்கின டாஸ்க் காலையில் சிபியுவை விடவே விடாது. அதனால் எழும்போது `min_vruntime` பக்கத்தில், கொஞ்சம் இடதுபுறமாக உட்கார வைப்பார்கள். சேமிப்பு முழுக்கக் கிடைக்காது, சின்னச் சலுகை மட்டும்தான்.

கருப்பூர்_மாணவன்

அண்ணா, குறைந்ததை எடுப்பதுதான் வேலை என்றால் ஹீப் போதுமே? எதற்கு ரெட்-பிளாக் மரம்? இன்டர்வியூவில் கேட்டார்கள், "லாக் என்" என்று சொன்னேன். ஹீப்பும் லாக் என் தானே என்று திருப்பிக் கேட்டார்கள்.

அம்மாபேட்டை_கர்னல்

நல்ல கேள்வி தம்பி. நான் டிரேஸ் போட்டுப் பார்த்தபோது கண்ணில் பட்டது, எடுப்பதைவிடச் செருகுவதும் நடுவில் இருந்து பிடுங்குவதும்தான். சும்மா இருக்கிற வேறொரு சிபியு வந்து ஒரு டாஸ்க்கை இழுத்துக்கொண்டு போகும். யாராவது `renice` அடித்தால் எடுத்துவிட்டுத் திரும்பச் செருக வேண்டும். மரத்தின் கணு அந்த டாஸ்க்கின் `sched_entity`-க்குள்ளேயே இருக்கிறது; கையில் டாஸ்க் இருந்தால் தேடாமல் கழற்றிவிடலாம், செருகப் புது மெமரியும் கேட்க வேண்டாம். அர்ரேயில் கட்டின ஹீப் என்றால், டாஸ்க் கூடும்போது அர்ரே பெரிதாக வேண்டும். ரன்கியூ லாக்கைப் பிடித்துக்கொண்டு அதைச் செய்வது ஆபத்து. இடது ஓரக் கணுவுக்கு ஒரு பாயிண்டர் தனியாக வைத்திருப்பதால் அடுத்தவரை எடுக்க மரத்தில் இறங்கவே வேண்டாம். ஆயிரம் டாஸ்க் இருந்தாலும் ஆழம் 20-ஐத் தாண்டாது.

ஓமலூர்_லேப்

0 ஆக்கினேன், 75, 25 வந்துவிட்டது, நன்றி. ஆனால் ஹீப் விஷயத்தில் நான் முழுசாக ஒத்துக்கமாட்டேன். ஒவ்வொரு டாஸ்க்கிலும் அதன் ஹீப் இடத்தைக் குறித்து வைத்தால் நடுவில் இருந்தும் எடுக்கலாமே?

அம்மாபேட்டை_கர்னல்

எடுக்கலாம் சார், அதை மறுக்கவில்லை. பாயிண்டரில் கட்டின ஹீப்பும் உண்டு. ஆனால் 2023-இல் 6.6-இல் சிஎஃப்எஸ் முறைக்குப் பதிலாக இஇவிடிஎஃப் வந்தபோது இன்னொன்று தேவைப்பட்டது: தன் பங்கை மீறாதவர்களில் யாருக்கு டெட்லைன் முந்தியது? `vruntime` வரிசையில் இருந்த அதே மரத்தில், ஒவ்வொரு கணுவிலும் தன் கிளைகளில் உள்ள முந்திய டெட்லைனைக் குறித்து வைத்தார்கள். அதை வைத்தே தேட முடிந்தது. ஹீப்பில் அப்படி ஒரு முழு வரிசை கிடையாது. 2007-இல் சிஎஃப்எஸ் வந்த 2.6.23-க்கு இதை யோசித்தா மரத்தை எடுத்திருப்பார்கள்? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஒண்டிக்கடை_எஸ்டேட்

என் பெட்டியில் 6.6 போட்டபிறகு மழைமானி எழுந்திருப்பதில் எப்போதாவது தாமதம் தெரிகிறது. `/proc/<pid>/sched`-இல் எந்த எண்ணை முதலில் பார்க்கட்டும்?