மார்ச் மாத வங்கி இணக்கக் கூற்றில் 27,500 ரூபா வித்தியாசம்: உதவி தேவை

பயிலுநர், திருகோணமலை: வலையும் படகு இயந்திர உதிரிப்பாகங்களும் விற்கும் கடையொன்றில் கணக்குப் பயிலுநராக இருக்கிறேன். இரண்டு தடவை சரிபார்த்தும் வங்கிக் கூற்றுக்கும் எங்கள் காசேட்டுக்கும் இடையிலான 27,500 ரூபா வித்தியாசம் தீரவில்லை. நாளைக் காலை கணக்காளரிடம் ஒப்படைக்க வேண்டும். எங்கே தவறியிருக்கும்?

நிலாவெளி நிசா: வித்தியாசத்தை 9ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியின்றி வகுபட்டால், 5,400 என்பதை 4,500 என எழுதியதைப் போல இலக்கங்கள் இடம்மாறியிருக்கலாம்.

பழைய கணக்கர்: வகுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கலாமே, 5 மீதி வருகிறது. வங்கி மீதியையும் காசேட்டு மீதியையும்கூடத் தராமல் உதவி கேட்பவருக்கு, கணக்கையே போடாமல் பதில் சொல்பவர்தான் கிடைப்பார்.

மூதூர் ரிஸ்வி: எங்கள் கடையில் இப்படி வந்தபோது காரணம் வங்கிக் கட்டணம்தான்.

உப்புவெளி வாசன்: தம்பி, இரண்டு மீதிகளையும், எந்தப் பக்கம் குறைகிறது என்பதையும் எழுதுங்கள். பெப்ரவரி இணக்கக் கூற்று கையில் இருக்கிறதா?

பயிலுநர், திருகோணமலை: மன்னிக்கவும். வங்கிக் கூற்றின் மீதி 458,400. முன்வைக்கப்படாத காசோலைகள் 61,900ஐக் கழித்து, தேறாத வைப்பு 28,000ஐக் கூட்டினால் 424,500 வருகிறது. கட்டணம், நேரடி வைப்பு, மறுக்கப்பட்ட காசோலை ஆகியவற்றைப் பதிந்த பின்னரும் காசேடு 397,000 காட்டுகிறது. பெப்ரவரிக் கூற்று கோப்பில் இருக்கிறது, நான் அதைப் பார்க்கவில்லை.

உப்புவெளி வாசன்: காசேடுதான் குறைகிறது என்றால், ஏதோ ஒரு கொடுப்பனவு இரண்டு தடவை பதியப்பட்டிருக்கலாம். வங்கிக் கூற்றின் மார்ச் முதல் வாரத்தில் 27,500 பற்று இருக்கிறதா என்றும், அதே காசோலை இலக்கம் பெப்ரவரிக் கூற்றின் முன்வைக்கப்படாத காசோலைப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பயிலுநர், திருகோணமலை: இருக்கிறது ஐயா. மார்ச் 3இல் வங்கி செலுத்தியிருக்கிறது. மார்ச் காசேட்டில் காணவில்லை என்பதால், விடுபட்டது என்று நினைத்து நானே எழுதிச் சேர்த்தேன்.

உப்புவெளி வாசன்: அது பெப்ரவரி முடிவதற்குள் எழுதப்பட்டு அப்போதே காசேட்டில் ஏறியிருக்கும். பெப்ரவரிப் பட்டியலை அருகில் வைத்து, அதிலுள்ள காசோலைகளையும் வைப்புகளையும் மார்ச் வங்கிக் கூற்றில் முதலில் குறியிட்டுக் கழித்துவிட வேண்டும். எஞ்சியவற்றைத்தான் மார்ச் காசேட்டுடன் ஒப்பிட வேண்டும். இந்த வரிசை மாறினால், போன மாதத்து மிச்சமெல்லாம் புதிய கண்டுபிடிப்பாகத் தோன்றும்.

பழைய கணக்கர்: அந்த 61,900க்குள் ஆறு மாதம் கடந்த காசோலை ஏதும் உண்டா?

பயிலுநர், திருகோணமலை: ஒன்று உண்டு, 8,400, கடந்த ஆகஸ்ட் மாதத்தது.

நிலாவெளி நிசா: அதை வேறு வருமானத்தில் போட்டுவிடுங்கள்.

பழைய கணக்கர்: காசோலை காலாவதியானால் கடனும் போய்விடுமா? காசேட்டில் வரவு வைத்து, வழங்குநரின் கணக்கிலேயே திருப்பி எழுத வேண்டும்.

உப்புவெளி வாசன்: வழங்குநரிடம் கேட்காமல் அதையும் செய்யமாட்டேன். வேறு வழியில் பணம் வாங்கியிருந்தால் அவருக்கு இல்லாத கடன் ஏட்டில் ஏறிவிடும்.

பழைய கணக்கர்: அவர் பதில் சொல்லும்வரை செல்லாத காசோலையைப் பட்டியலில் வைத்திருப்பதா?

பயிலுநர், திருகோணமலை: மேலதிகப் பதிவை நீக்கினேன், இரண்டும் 424,500. நன்றி. 8,400ஐக் கணக்காளரிடமே விட்டுவிடுகிறேன்.